மூன்றில் ஒரு பங்குக்கு எவ்வளவு செலவாகும்?

"சார், மொத்தமா எவ்வளவு ஆகும்?"

"முதல்ல கேஸைப் போடுவோம்மா. மத்ததைப் பாத்துக்கலாம்."

வக்கீல் அலுவலகங்களில் தினமும் நடக்கும் உரையாடல் இது. வக்கீல் மழுப்புகிறார் என்று சொல்லிவிட முடியாது. வழக்கு எத்தனை வருடம் ஓடும், எதிர்த்தரப்பு எத்தனை மனு போடும் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் கேட்பவர் அந்தப் பதிலோடு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறார். ஆறேழு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போதுதான் பணம் எங்கெங்கே போனது என்று புரிகிறது. மொத்தத்தை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாதே தவிர, கட்டம் கட்டமாகப் பிரித்தால் ஓரளவு நெருங்கிவிடலாம்.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தின் ஓரத்தில் ஒரு கிரவுண்டு மனையும் அதில் ஒரு பழைய மாடி வீடும். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. பிள்ளைகள் மூவர். அண்ணன் அந்த வீட்டில் இருக்கிறார். தம்பி சென்னையில். நடுவில் பிறந்த மல்லிகா திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். வீட்டின் மதிப்பு 36 லட்சம். சட்டப்படி மூவருக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்கு 12 லட்சம். "பாகம் கொடு" என்று மல்லிகா கேட்டார். "அப்புறம் பார்க்கலாம்" என்று அண்ணன் இழுத்தார். பாகப்பிரிவினை வழக்குகளிலேயே மிக எளியது இது. போலிப் பத்திரம் இல்லை, உயில் சண்டை இல்லை, எல்லைத் தகராறு இல்லை. இதற்கே கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். வக்கீல் கட்டணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் நான் போடும் தொகைகள் ஒரு நடுத்தர ஊருக்கான உத்தேசம்தான். உங்கள் ஊர்த் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாம்ப்: ஒரு வாக்கியத்தின் விலை

எல்லோரும் முதலில் பயப்படுவது கோர்ட் ஸ்டாம்புக்குத்தான். 'சொத்து மதிப்பில் ஏழரை சதவிகிதம் கட்டணும்' என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய கதை. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955-ம் ஆண்டினுடையது. 2017-ல் அதைத் திருத்தி, மதிப்பின் மேல் கட்டும் கட்டணத்தை 7.5 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைத்துவிட்டார்கள்.

பாகப்பிரிவினைக்கு அந்த 3 சதவிகிதம்கூட எல்லா நேரமும் வராது. சட்டத்தின் 37-வது பிரிவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. சொத்தின் அனுபவத்திலிருந்து வாதி வெளியேற்றப்பட்டிருந்தால் முதல் உட்பிரிவு. அதன்படி வாதியின் பங்கு மதிப்பில் 3 சதவிகிதம் கட்ட வேண்டும். கவனியுங்கள், முழு வீட்டின் மதிப்பில் அல்ல, அவர் பங்கின் மதிப்பில் மட்டும். மல்லிகாவுக்கு 12 லட்சத்தில் 36,000 ரூபாய். வாதியும் மற்றவர்களோடு கூட்டு அனுபவத்தில் இருந்தால் இரண்டாவது உட்பிரிவு. சொத்து எத்தனை லட்சமானாலும் சிறிய நிலையான தொகை ஒன்றோடு முடிந்துவிடும்.

'நான் திருப்பூரில் இருக்கிறேன், வீடு அண்ணன் கையில் இருக்கிறது, கூட்டு அனுபவம் என்று எப்படிச் சொல்வது?' என்று மல்லிகாவுக்குச் சந்தேகம் வரலாம். அங்கேதான் சட்டம் உதவிக்கு வருகிறது. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் அனுபவித்தால் எல்லோரும் அனுபவிப்பதாகவே பொருள். வெளியேற்றப்பட்டதாகத் தெளிவாகத் தெரிந்தால்தான் கதை மாறும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன நீலாவதி வழக்கில், இதே 37-வது பிரிவை வைத்து 1979-ல் இதைச் சொல்லிவிட்டார்கள். கட்டணத்தைத் தீர்மானிக்க பிராதை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

ஆகவே, பிராதில் கோபத்தில் எழுதும் ஒரு வாக்கியத்துக்கு விலை இருக்கிறது. 'அண்ணன் என்னை வீட்டுக்குள்ளேயே விடாமல் அடித்து விரட்டினார், பத்து வருடமாக வாசற்படி மிதிக்கவில்லை' என்று எழுதினால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வெளியேற்றம், 36,000 ரூபாய். 'பாகம் கேட்டேன், தட்டிக்கழிக்கிறார்' என்பது நடந்த உண்மை என்றால் அது கூட்டு அனுபவம். பொய் எழுதச் சொல்லவில்லை. நடந்ததை வக்கீலிடம் சரியாகச் சொல்லுங்கள், அவர் எந்த உட்பிரிவில் மதிப்புப் போடுகிறார் என்று தைரியமாகக் கேளுங்கள் என்கிறேன். பிராதின் கடைசிப் பக்கங்களில் மதிப்பீட்டுப் பத்தி என்று தனியாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய பத்தி அதுதான். ஸ்டாம்ப் போதாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், சாட்சி விசாரணைக்கு முன்பே கோர்ட் அதை விசாரித்து முடிவெடுக்க வேண்டும். அதில் சில மாதங்கள் போகலாம்.

36,000 கட்ட நேர்ந்தாலும் அது போனது போனதுதான் என்றில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தால், சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். கோர்ட் அனுப்பி வைத்த சமரசத்துக்கு மட்டுமல்ல, இரு தரப்பும் வெளியில் தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமே மனுதாரராகப் போய்த் தோற்ற வழக்கு அது. கட்டணம் திரும்ப வரும் என்பது தெரியாமல் ராஜியாகிப் போனவர்கள் நிறையப் பேர்.

வக்கீல்: எதற்கு எவ்வளவு

வக்கீல் கட்டணத்துக்கு அரசு விலைப்பட்டியல் கிடையாது. உயர் நீதிமன்றத்தின் கட்டண விதிகள் என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஜெயித்தவருக்குத் தோற்றவர் தர வேண்டிய செலவுத் தொகையைக் கணக்கிடத்தான். நீங்கள் உண்மையில் கொடுத்ததில் சிறு பகுதிதான் அதில் தேறும். அண்ணன் தங்கை பாகப்பிரிவினையில் பெரும்பாலும் 'அவரவர் செலவு அவரவருக்கு' என்றே உத்தரவாகும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து வரவு எதுவும் வைக்காதீர்கள்.

மல்லிகாவின் வழக்கைத் தாக்கல் செய்யும் கட்டத்தை இப்படி வைக்கிறேன். வக்கீல் நோட்டீசுக்கு 2,000. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பத்திர நகல்களுக்கு 3,000. வக்கீலின் முதல் தவணை 25,000. தட்டச்சு, நகல், குமாஸ்தா வகையில் 4,000. நிலையான கோர்ட் கட்டணமும் பிரதிவாதிகளுக்குச் சம்மன் அனுப்பும் பேட்டாவும் சேர்த்து 2,000. ஆக 36,000.

அடுத்தது நடு வருடங்கள். ஐந்து வருடம் என்று வையுங்கள். விசாரணைக்கு வக்கீல் 30,000 வாங்குகிறார். அதோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் 'வாய்தா காசு' 300. ஐந்து வருடத்தில் 50 வாய்தா என்றால் 15,000. இரண்டும் சேர்த்து 45,000. மொத்தம் பேசிய பிறகு வாய்தா காசு கேட்பது முறையா என்றால், சில ஊர்களில் வழக்கம், சில வக்கீல்கள் தொடுவதே இல்லை. முதல் நாளே கேட்டுவிட வேண்டியது இதைத்தான்: 'இந்தத் தொகைக்குள் எது அடக்கம்? இடைக்கால மனுவுக்குத் தனியா? இறுதித் தீர்ப்பாணை மனு இதிலேயே சேர்ந்ததா?' கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

'இப்ப எதுவும் வேண்டாம்மா, பாகம் வந்ததும் அதில் பத்து பர்சன்ட் குடுங்க' என்று யாராவது சொன்னால், கையில் காசில்லாதவருக்கு அது தெய்வவாக்காகத் தோன்றும். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீலுக்குத் தடை. தொகையாகப் பார்த்தாலும் 12 லட்சத்தில் பத்து சதவிகிதம் 1,20,000 ஆகிறது. நாம் தாக்கலுக்கும் விசாரணைக்கும் வைத்த வக்கீல் கட்டணம் 55,000.

வக்கீலை மாற்ற வேண்டி வந்தால் இன்னொரு முதல் தவணை விழும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் 'பாக்கியைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்' என்று பழைய வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போடலாம்.

மல்லிகாவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. வருமான வரம்பு பெண்களுக்குப் பொருந்தாது. கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், அங்கே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர், கோர்ட் கட்டணம் இரண்டுமே அதில் அடங்கும். இலவச வக்கீல் அக்கறையாகப் பார்ப்பாரா என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. சிலர் நன்றாகவே பார்க்கிறார்கள், சிலர் இல்லை. காசு வாங்கும் வக்கீல்களுக்கும் இது பொருந்தும்தானே.

பஸ் டிக்கெட்டும் போன கூலியும்

அசையாச் சொத்து வழக்கைச் சொத்து இருக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் போட வேண்டும். மல்லிகா திருப்பூரில் இருந்தாலும் வழக்கு கும்பகோணத்தில்தான். கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். போக வர பஸ்ஸுக்கு 400, சாப்பாட்டுக்கு 300, ஆட்டோவுக்கு 100. கைக்காசு 800. பெரிய செலவு டிக்கெட்டில் இல்லை. ராத்திரி பஸ்ஸில் போய், பகல் முழுக்க கோர்ட் வராந்தாவில் நின்று, மறுநாள் விடியலில் திரும்பினால் இரண்டு ஷிப்ட் போய்விடும். ஷிப்டுக்கு 700 என்றாலும் 1,400. ஆக ஒரு நடைக்கு 2,200 ரூபாய். 50 வாய்தாவுக்கும் போனால் 1,10,000. வக்கீல் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு.

இதில்தான் ஜனங்கள் மிக அதிகமாக ஏமாறுகிறார்கள், அதுவும் யாரும் ஏமாற்றாமலேயே. சிவில் வழக்கில் வாதி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டியதில்லை. வக்காலத்து கொடுத்த வக்கீல் ஆஜரானால் போதும். கிரிமினல் கேஸில் ஆஜராகாவிட்டால் வாரன்ட் வரும் என்று கேள்விப்பட்டதை இங்கேயும் பொருத்திக்கொண்டு, முதல் வருடம் முழுக்க வராந்தாவில் நிற்கிறார்கள். அந்த வருடம் பெரும்பாலும் சம்மன் சார்வாவதிலும் எதிருரைக்கு அவகாசம் கேட்பதிலுமே போகும்.

மல்லிகா கட்டாயம் வர வேண்டிய நாட்களை எண்ணிவிடலாம். பிராதில் கையெழுத்துப் போட ஒரு நாள். சமரச மையத்துக்கு இரண்டு மூன்று நாள். முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகும் என்றாலும், அசல் ஆவணங்களைக் குறியீடு செய்ய நேரில் நிற்க வேண்டும். அப்புறம் குறுக்கு விசாரணை. அது மட்டும் சொன்ன தேதியில் நடக்காது. போனால் எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பார், இல்லையென்றால் நீதிபதி விடுப்பில் இருப்பார். அதற்கு நாலைந்து நடை கூடுதலாக வையுங்கள். எல்லாம் சேர்ந்து 12 நடை, 26,400 ரூபாய். 1,10,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 83,600.

ஆனால் வர வேண்டிய நாளில் வராமல் இருந்தால் கதை தலைகீழாகும். வாதி சாட்சிக்கு அழைக்கப்பட்டு வரவில்லை, வக்கீலும் இல்லை என்றால் வழக்கு தள்ளுபடியாகலாம். 30 நாளுக்குள் மனு போட்டு உயிர்ப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டணம், சில நேரம் எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை, கூடவே ஆறேழு மாதம்.

எந்த வாய்தா முக்கியம் என்று தெரிந்துகொள்ள குமாஸ்தாவின் போனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு எண் விழுந்ததும் 16 இலக்கத்தில் CNR எண் ஒன்று கிடைக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டு eCourts Services செயலியில் போட்டால், அடுத்த தேதியும் அன்றைக்கு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். தேதி மாறிக்கொண்டே இருக்க, நோக்கம் மட்டும் ஆறு மாதமாக சம்மனிலேயே நின்றால் இரண்டில் ஒன்றுதான். பேட்டா கட்டவில்லை, அல்லது ஒரு பிரதிவாதியின் விலாசம் தவறு. சென்னைத் தம்பி வீடு மாறியதை மல்லிகா வக்கீலிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு போனில் தீர வேண்டியது ஒரு வருடம் தின்னும்.

எளிய வழக்கைச் சட்டென்று நீட்டுவது மரணம். பிரதிவாதி ஒருவர் இறந்துபோனால் 90 நாளுக்குள் அவர் வாரிசுகளைத் தரப்பினராகச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் விலக்கு மனு, தாமத மன்னிப்பு மனு என்று ஒன்றின் பின் ஒன்றாக வரும். அண்ணன் போய் அண்ணியும் மூன்று பிள்ளைகளும் வந்தால் நாலு பேருக்கும் புதிதாகச் சம்மன். குடும்பத்தில் வயதானவர் இருக்கும் வழக்கென்றால் உத்தேசத்தில் ஒரு வருடத்தைக் கூட்டியே போடுவேன்.

ஜெயித்த பிறகு

ஐந்தாம் வருடம் தீர்ப்பு. மல்லிகாவுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்கிறது கோர்ட். தெருவெல்லாம் இனிப்புக் கொடுக்கிறார்கள். ஆனால் வந்திருப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை மட்டுமே. எவ்வளவு பங்கு என்று அது சொல்லும், எது பங்கு என்று சொல்லாது. அதற்கு இறுதித் தீர்ப்பாணை வேண்டும். தனியாக மனுவுக்குக் காத்திராமல் விசாரணை நீதிமன்றமே அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் வக்கீலிடம் கேட்டு நகர்த்துவது நல்லது.

இந்தக் கட்டத்துக்கு வக்கீலுக்கு 20,000. வீட்டைப் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையர், சர்வேயர் செலவில் 15,000. ஐந்து நடைக்கு 11,000. ஆக 46,000. நிலமாகவே பாகம் ஒதுக்கப்பட்டால், இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். குடும்பத்துக்குள் பிரிவினைக்குப் பாக மதிப்பில் 1 சதவிகிதம். 2023 ஜூலையிலிருந்து ஒரு பாகத்துக்கு உச்சவரம்பு 40,000. 12 லட்சம் பாகத்துக்கு 12,000 ஆகும்.

ஒரு கிரவுண்டில் நிற்கும் ஒரே வீட்டை மூன்றாக வெட்ட முடியாது. ஆணையர் அறிக்கையும் அதைத்தான் சொல்லும். அப்போது 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வரும். பாதிக்குக் குறையாத பங்குக்காரர்கள் கேட்டால் சொத்தை விற்கச் சொல்லலாம். மல்லிகாவும் தம்பியும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு, போதும். அப்படிக் கேட்டால், கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அவர்கள் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள அண்ணனுக்கு உரிமை உண்டு. ஏழு வருடம் சுற்றி வழக்கு வந்து நிற்கும் இடம் இது: அண்ணன் வீட்டை வைத்துக்கொண்டு தங்கைக்குப் பணம் கொடுப்பது. முதல் நாளே திண்ணையில் பேசி முடித்திருக்கக்கூடியதும் அதேதான்.

அண்ணன் நடுவில் மேல்முறையீடு போனால், அதன் கோர்ட் கட்டணம் அவருடையது. மல்லிகாவுக்கு வக்கீல் 25,000, நகல்களுக்கு 2,000, மூன்று நடைக்கு 6,600. மொத்தம் 33,600.

இப்போது கூட்டலாம். தாக்கல் 36,000, நடு வருடங்கள் 45,000, நடை 26,400, இறுதிக் கட்டம் 46,000. மேல்முறையீடு இல்லாமல் 1,53,400. இருந்தால் 1,87,000. வெளியேற்றம் என்று எழுதி 36,000 ஸ்டாம்பும் கட்டி, எல்லா வாய்தாவுக்கும் ஓடியிருந்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். இலவசச் சட்ட உதவியில் போனாலும் 20 நடைக்கான 44,000 அவர் கையிலிருந்துதான்.

இந்தத் தொகையை வைத்து அண்ணனோடு பேரம் பேசலாம். வழக்குப் போடும் முன்பு அவர் 9 லட்சம் தருவதாகச் சொன்னார் என்று வையுங்கள். வீட்டு மதிப்பு வருடம் 5 சதவிகிதம் ஏறினால், ஏழு வருடத்தில் மல்லிகாவின் 12 லட்சம் ஏறத்தாழ 16 லட்சத்து 88 ஆயிரம். செலவு 1,87,000 போக 15 லட்சம். 7 சதவிகித வட்டியில் ஏழு வருடத்தில் 15 லட்சமாக வளர, இன்றைக்குக் கையில் 9 லட்சத்து 35 ஆயிரம் வேண்டும். வீட்டு மதிப்பும் 7 சதவிகிதம் ஏறினால் அந்தத் தொகை ஏறக்குறைய 10 லட்சத்து 85 ஆயிரம். ஆகவே 9 லட்சம் குறைவு. 10 லட்சம் என்று அண்ணன் இறங்கி வந்தால், உள்ளூரில் மனை விலை எப்படி ஏறுகிறது என்று விசாரித்துவிட்டு மல்லிகா உட்கார்ந்து யோசிக்கலாம். 11 என்றால் வாங்கிக்கொள்ளலாம். வழக்கு பாதியில் இருக்கும்போது இதே கணக்கைப் போட்டால், செலவழித்துவிட்டதை விட்டுவிட்டு இனி ஆகப்போவதை மட்டும் கழிக்க வேண்டும்.

சமரசம் கூடிவந்தால் அதை வாய்ப்பேச்சில் விடாமல் கோர்ட்டில் ராஜி மனுவாகத் தாக்கல் செய்து தீர்ப்பாணை வாங்க வேண்டும். அதில் பணம் தர வேண்டிய தேதி, தவறினால் வட்டி, முத்திரைக்கும் பதிவுக்கும் ஆகும் செலவு யாருடையது, கோர்ட் கட்டணம் கட்டியிருந்தால் அது வாதிக்குத் திரும்ப வேண்டும் என்ற வரி, நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் மல்லிகா பார்த்துவிட வேண்டும்.